செட்டா, ஒற்றைப் பாத்திரமா?

கேள்வி: நண்பரும் அவர் மனைவியும் புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள். சமையலறைக்கு ஏதாவது வாங்கித் தர ஆசை. கையில் இருப்பது நடுத்தரமான தொகைதான். அந்தப் பணத்துக்குப் பத்துப் பாத்திர செட்டும் கிடைக்கிறது, நல்ல பிராண்டில் ஒரே ஒரு பாத்திரமும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: ஒற்றைப் பாத்திரத்தையே வாங்குங்கள். அந்த செட்டின் அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பத்து என்ற கணக்கில் மூடிகளையும் சேர்த்திருப்பார்கள். ஏற்கெனவே சமைத்துச் சாப்பிடுகிற இருவரிடம் சின்னப் பாத்திரங்கள் இருக்கும். அடி கனமான, அகலமான ஒன்றுதான் பெரும்பாலும் இருக்காது. எது இல்லை என்று நண்பரையே கேட்டுவிடுங்கள். ஆச்சரியம் போனால் போகட்டும், பரிசு பரணுக்குப் போகாது.

கேட்கிற கேள்வியோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: புது வீட்டில் கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா? வீடு மாறும்போது பலர் அடுப்பையும் மாற்றுகிறார்கள். இண்டக்‌ஷன் என்றால் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும். வெறும் அலுமினியமோ செம்போ அதில் சூடாகாது. எவர்சில்வர் எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டாது என்பதால், கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் இறுகப் பிடித்தால் சரி. தொட்டும் தொடாமலும் நின்றால் வேண்டாம்.

இருவருக்கு 24 செ.மீ. அகலம் தாராளம். எவர்சில்வரில் ‘ட்ரை-ப்ளை’ என்று கேளுங்கள். இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்து அழுத்தியது அது. அந்த அலுமினியம் விளிம்பு வரை போகிறதா, அடியில் மட்டும் ஒட்டிய வட்டத் தகடா என்று விசாரியுங்கள். அடியில் மட்டும் இருந்தால் விலை குறையும். ஆனால் தீ பெரிதாக இருக்கும்போது ஓரங்களில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். நான்ஸ்டிக் பூச்சு எவ்வளவு நல்லதானாலும் சில வருடங்களில் தேய்ந்துவிடும், அதனால் பரிசாகத் தர எனக்கு மனம் வராது.

பிராண்ட் விஷயத்தில் விளம்பரத்தில் அடிக்கடி கேட்ட பெயர் என்பது எனக்குப் பெரிதில்லை. பாத்திரத்தையே முக்கியத் தொழிலாகச் செய்கிற கம்பெனியா, மூடி, கைப்பிடி, குமிழ் எல்லாம் தனியாக விற்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். உதிரிபாகம் விற்கிறவர்கள் அந்தப் பாத்திரம் பல வருடம் புழங்கும் என்று நினைத்துச் செய்பவர்கள். மின்சாதனங்களிலிருந்து தலையணை வரை ஒரே பெயரில் விற்பவர்கள் பலரும் வேறு யாரோ செய்ததில் தங்கள் முத்திரையைக் குத்துகிறவர்கள்தான்.

இத்தனையும் பார்த்தபின் விலை எட்டவில்லை என்றால் தரத்தைக் குறைக்காமல் அளவைக் குறையுங்கள். அதே வரிசையில் 20 செ.மீ. வாங்கலாம். அதற்கும் கீழே போனால் சில இண்டக்‌ஷன் அடுப்புகள் பாத்திரம் வைத்திருப்பதையே கண்டுகொள்ளாது.

அப்புறம், வாரண்டிக்கு பில் கேட்பார்கள். விலை இல்லாத பில் தருவார்களா என்று கடையில் கேட்டு, கிடைத்தால் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.