கடை டிவியில் வெட்டுத் தெரியாமல் ஓடும் வீடியோ

கேள்வி: கடை வாசலில் வைத்த டிவிக்கு சத்தமில்லாத விளம்பர வீடியோ செய்தேன். ஒவ்வொரு தடவை முடிந்து தொடங்கும்போதும் வெட்டு தெரிகிறது. எழுத்தும் ரோட்டிலிருந்து படிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் வீடியோ லோகோ சுழன்று தொடங்கி, கடைசியில் கருப்பாகி முடிகிறது என்று நினைக்கிறேன். கும்பகோணத்தில் என் சித்தப்பா பையன் காபித்தூள் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு ஒருவர் செய்து கொடுத்த வீடியோவும் இப்படித்தான் இருந்தது. ரோட்டில் போகிறவர் அதை முதலிலிருந்து பார்க்கப் போவதில்லை. அவர் தலை திரும்பும் நேரத்தில் லோகோவோ கருப்போ ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஆள் போய்விட்டார். அதனால் ஆரம்பமும் முடிவும் இல்லாத படமாக அதை நான் புதிதாகச் செய்தேன். செய்த விதத்தையே சொல்கிறேன்.

டம்ளரிலிருந்து ஆவி எழும்புவதை ஸ்டாண்டில் கேமராவை வைத்து, அசைக்காமல் எடுத்தேன். அதில் 13 விநாடித் துண்டு ஒன்றை எடுத்து 6-வது விநாடியில் வெட்டி, பின்பாதியை முன்னால் போட்டு, முன்பாதியை அதற்குப் பின்னால் வைத்தேன். இப்போது புது வீடியோவின் கடைசி ஃப்ரேமும் முதல் ஃப்ரேமும் கேமராவில் அடுத்தடுத்துப் பதிவானவை. அதனால் முடிந்து தொடங்கும் இடத்தில் எந்தத் தாவலும் இருக்காது. தாவல் நடுவில் இரண்டு பாதிகளும் சேரும் இடத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு விநாடி ஒன்றின்மேல் ஒன்றாகக் கரைத்துவிட்டால் 12 விநாடி வீடியோ தயார். ஆவி, தண்ணீர், காற்றில் ஆடும் துணி இதற்கெல்லாம் இந்த வழி அருமையாக வரும். கை காபி ஆற்றுவதை இப்படிக் கரைத்தால் இரண்டு கை பேய் மாதிரி தெரியும், அங்கே இது உதவாது. பேசும் ஆளையும் போடாதீர்கள். சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைந்தால் பார்ப்பவருக்கு எதுவும் போய்ச் சேராது.

எழுத்து மாறும் நேரத்தையும் கவனியுங்கள். நான் இரண்டே வாசகம் வைத்தேன். 3-வது விநாடியிலிருந்து 9 வரை விலை, மீதி நேரம் ‘காபித்தூள்’. அதாவது வீடியோ சுற்றித் திரும்பும் கணத்தில் எழுத்து மாறுவதில்லை, ஆவி மட்டும்தான் அசைகிறது.

அப்புறம், வீடியோ சரியாக இருந்தாலும் பென் டிரைவில் போட்டால் பல டிவிகள் ஒவ்வொரு முறையும் ஃபைலை மூடித் திறக்கும். அந்த இடைவெளியில் திரை கருப்பாகும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய முடியாது. அதே 12 விநாடியை 300 முறை ஒட்டி ஒரு மணி நேர ஃபைலாக்கினால் கருப்பு மணிக்கு ஒருமுறைதான் வரும். ffmpeg என்ற இலவச மென்பொருளில் இந்த இரண்டு கட்டளைகள் போதும், avi.mov என்பது நாம் செய்த 12 விநாடி ஆவி வீடியோ:

```
ffmpeg -i avi.mov -an -c:v libx264 -pix_fmt yuv420p -r 25 -bf 0 -b:v 6M loop.mp4
ffmpeg -stream_loop 299 -i loop.mp4 -c copy kadai.mp4
```

`-an` ஒலித்தடத்தையே எடுத்துவிடும். வால்யூமைப் பூஜ்யமாக்கினால் போதாதா என்று கேட்பார்கள். ஒலித்தடம் இருந்தால் அதன் நீளம் பெரும்பாலும் படத்தின் நீளத்தோடு அப்படியே பொருந்தாது, ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னத் தடுமாற்றம் வரலாம். விநாடிக்கு 6 மெகாபிட் என்று `6M` வைத்ததற்கும் காரணம் உண்டு. இந்த அளவில் ஒரு மணி நேரம் சுமார் 2.7 ஜிபி வரும். அதையே 10M ஆக்கினால் 4.5 ஜிபி. FAT32 பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது.

விளம்பரத் திரைகளுக்கென்றே விற்கும் சைனேஜ் ப்ளேயர் வாங்கினால் இந்த வேலையே வேண்டாமே என்று சிலர் எழுதுவார்கள். வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கட்டும். டிவி வாங்கியதோடு கையிருப்பு தீர்ந்த கடைக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

இனி எழுத்து. போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: வசதியாகப் படிக்க 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். தம்பி கடைக்கு எதிர்ப்பக்க நடைபாதை ஏறக்குறைய 30 அடி, ஆக 3 அங்குலம் வேண்டும். 43 அங்குல டிவியின் படம் 21 அங்குல உயரம். முழு HD வீடியோவில் அது 1080 பிக்சல், அங்குலத்துக்கு 51. மூன்று அங்குலத்துக்கு 150 பிக்சல் சொச்சம். இந்த 150-ஐ ஃபாண்ட் சைஸ் பெட்டியில் போட்டால் எழுத்து சின்னதாகத்தான் வரும். ‘ப’ என்று அடித்து, அதன் உடல் 150 வரும்வரை ஏற்றுங்கள். ‘பி’யின் கொக்கி மேலேயும் ‘கு’வின் சுழி கீழேயும் போகும் என்பதால் வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விடுங்கள். ரொம்பத் தடித்த ஃபாண்ட் வேண்டாம். தூரத்தில் ‘ண’வின் சுழிகள் அடைந்துபோகும், புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும்.

இந்த அளவில் ஒரு வரிக்கு ஒரு சொல்தான் தாராளமாக நிற்கும். “அண்ணே, போன் நம்பர், மூணு கிளை முகவரி எல்லாம் வரணும்” என்றான் தம்பி. கடை வாசலில் நிற்கிறவருக்கு அந்தக் கடையின் முகவரி எதற்கு என்று கேட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சொல் இடத்துக்குள் அடங்கவில்லையென்றால் சொல்லை மாற்றுங்கள், எழுத்தை நசுக்காதீர்கள். நம் ஊர் ஃப்ளெக்ஸ் போர்டுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆங்கிலப் பெயரை மட்டும் அழகாக, அளவு கெடாமல் வைக்கிறார்கள். தமிழை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கி, மிச்சமிருக்கும் இடத்தில் திணிக்கிறார்கள். ‘ழ’ எது ‘மு’ எது என்று தெரியாத போர்டுக்கும் முழுக்காசு வாங்குகிறார்கள். கேட்டால் “இங்க யாரும் இதெல்லாம் பாக்கிறதில்ல” என்று பதில். கோயில் திருவிழா போர்டுகூட இப்படித்தான் இருக்கிறது.

சரி, நிறத்துக்கு வருகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் டிவியில் கருப்புப் பின்னணி பகலில் ரோட்டையே பிரதிபலிக்கும். எழுத்துக்கு மேலே பைக்கும் வெயிலும்தான் தெரியும். வெளிர் பின்னணியில் அந்தப் பிரதிபலிப்பு அவ்வளவாக எடுபடாது. ஆனால் ஆவி தெரிய கருப்பு வேண்டும். அதனால் திரையைப் பிரித்தேன். மேலே ஐந்தில் இரண்டு பங்கு கரும்பின்னணியில் டம்ளரின் வாயும் ஆவியும், கீழே மூன்று பங்கு வெளிர் மஞ்சளில் அடர்பழுப்பு எழுத்து. வெயில் நேராகத் திரையில் விழும் இடமாக இருந்தால் வீட்டு டிவியின் வெளிச்சம் எந்த நிறத்துக்கும் போதாது, டிவியை நிழலுக்கு நகர்த்த வேண்டும்.

டிவியில் போடுவதற்கு முன் வீடியோவை போனில் படுக்கை வாட்டில் ஓடவிட்டு நான்கடி தள்ளி நின்று பாருங்கள். 43 அங்குல டிவி 30 அடியில் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவே தெரியும். கடையைப் பற்றித் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள், உங்களுக்கு வாசகம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

கடைசியாக டிவி செட்டிங். Repeat போடுங்கள். சில டிவிகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டும், அதனால் எழுத்தை விளிம்பிலிருந்து நூறு பிக்சலாவது உள்ளே வையுங்கள். ரிமோட்டைத் தொடாமல் நான்கு மணி நேரம் போனால் தானாக அணையும் வசதி பல டிவிகளில் இருக்கிறது, அதை நிறுத்துங்கள். உங்களுடையது ஓஎல்இடி டிவி என்றால் எழுத்தை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வைக்காதீர்கள், தடம் பதிந்துவிடும். அதற்கு வாசகத்தின் இடத்தை மாற்றி இரண்டு மூன்று ஃபைல்கள் செய்து, வாரத்துக்கு ஒன்றாகப் போடுங்கள்.