பிடித்த படத்தை வார்த்தைகளில் எழுதிப் பார்ப்பது

வணக்கம்.

சில மாதங்களாகப் பொருள்களைப் படம் எடுக்கப் பழகி வருகிறேன். ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டிலின் விளம்பரப் படம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதைத் திரையில் வைத்துக்கொண்டு எடுத்தால் அதன் நகல்தான் வருகிறது. மூடிவிட்டு எடுத்தால் எதுவும் நினைவில் நிற்பதில்லை. பிடித்த படத்தை முதலில் வார்த்தைகளில் எழுதிப் பார்க்கும்படி நீங்கள் சொல்லியிருந்தீர்கள். எழுதினேன். ‘மென்மையான ஒளி, செழுமையான தோற்றம், அழகான நிழல்’ என்பதோடு பேனா நின்றுவிட்டது. அதற்கு மேல் என்ன எழுதுவது? படத்தை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் எழுதிய மூன்றும் படம் உங்களுக்குள் என்ன செய்தது என்பதைச் சொல்கின்றன. விளக்கு எங்கே இருந்தது என்பதைச் சொல்லவில்லை. ‘அழகான’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு விளக்கைக்கூட நகர்த்த முடியாது. அதனால் உணர்வை ஓரமாக வைத்துவிட்டு, எது எங்கே இருக்கிறது, அதன் ஓரம் எப்படி முடிகிறது என்று மட்டும் எழுதுங்கள். பளபளப்பான பொருள் என்றால் அதில் தெரியும் வெள்ளைப் பட்டையிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அந்தப் பட்டை விளக்கின் பிம்பம், எனவே விளக்கைப் பற்றி அதிகம் சொல்வதும் அதுதான்.

உங்கள் படத்தில் நான் பார்ப்பது இது: ‘பாட்டிலின் இடப்பக்கம் தோள் முதல் அடி வரை ஒரே வெள்ளைப் பட்டை. அதன் வெளி ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் முடிகிறது. உள் ஓரம் மெல்லக் கரைகிறது.’ இப்போது ஒரு அளவையும் சேர்ப்போம். பாட்டிலின் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரத்தை 10 பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டை 6-ஆம் பங்கில் ஆரம்பித்து 8-ஆம் பங்கில் முடிகிறது.

இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், உருளையான பொருளில் பட்டை இருக்கும் இடமே விளக்கின் திசையைக் காட்டிவிடும். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்ற பள்ளிக்கூட விதிதான் காரணம். பட்டை 5-ஆம் பங்கில் இருந்தால், கேமராவின் திசையிலிருந்து 60 பாகை தள்ளி விளக்கு இருக்கிறது. 7-ஆம் பங்கில் இருந்தால் 90 பாகை, அதாவது பொருளுக்கு நேர் பக்கவாட்டில். அதையும் தாண்டி விளிம்பை ஒட்டிப் போனால் விளக்கு பொருளுக்குப் பின்னால் போய்விட்டது. கேமரா கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த படத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துவரும்.

நம் படத்தில் பட்டையின் மையம் 7. விளக்கு நேர் பக்கவாட்டில். பட்டையின் இரண்டு ஓரங்களையும் இதே கணக்கில் போட்டால் ஒளிமூலம் சுமார் 32 பாகை அகலம் விரிந்திருக்கிறது. பாட்டிலிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் என்றால் ஏறக்குறைய 35 செ.மீ. அகலமுள்ள ஒரு சாஃப்ட்பாக்ஸ், அதாவது விளக்கின் மேல் மாட்டி ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி. தூரம் இரண்டு மடங்கானால் அகலமும் இரண்டு மடங்காக வேண்டும். இரண்டில் எது என்று பட்டையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, சொல்லத் தேவையும் இல்லை. இரண்டுக்கும் பட்டை ஒன்றுதான். வெட்டிய ஓரம், அந்தப் பக்கம் ஒளி சட்டென்று முடிவதைக் காட்டுகிறது: அது சாஃப்ட்பாக்ஸின் விளிம்பாக இருக்கலாம், ஒரு கறுப்பு அட்டையாகவும் இருக்கலாம். கரையும் ஓரம் அந்தப் பக்கம் ஒளி படிப்படியாகக் குறைவதைக் காட்டுகிறது. ஒளி ஊடுருவும் வெள்ளைத்தாளுக்குப் பின்னால் விளக்கை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தால் அப்படி வரும்.

அப்புறம் நிழலை எழுதுங்கள், ஆனால் சரிபார்ப்பதற்காக. ‘நிழல் நேராக வலப்பக்கம் போகிறது. பாட்டிலின் உயரத்தைவிட நீளமாகப் போய்க் கரைந்துவிடுகிறது.’ நேர் வலப்பக்கம் என்பது பட்டை சொன்னதோடு ஒத்துப்போகிறது. நீளமோ பட்டை தராத ஒரு தகவலைத் தருகிறது: விளக்கு தாழ்வாக இருக்கிறது. 45 பாகை உயரத்திலிருந்து ஒளி வந்திருந்தால் நிழலும் பாட்டிலின் உயரம்தான் இருந்திருக்கும்.

கேமராவின் உயரத்தை லேபிள் சொல்லும். வட்டமான பொருளில் லென்ஸின் மட்டத்தில் உள்ள கோடு நேர்க்கோடாகத் தெரியும், அதற்குக் கீழே உள்ளவை கீழ்நோக்கி வளையும். இந்தப் படத்தில் லேபிளின் மேல் ஓரம் நேராக இருக்கிறது, பாட்டிலின் அடி லேசாக வளைந்திருக்கிறது. ஆக, கேமரா லேபிளின் மேல் ஓரத்துக்கு நேராக நின்றிருக்கிறது.

இனி எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த விஷயம். பின்னணி ஒரே சாம்பல் நிறம் இல்லை, இடப்பக்கம் இருட்டாகவும் வலப்பக்கம் வெளிச்சமாகவும் இருக்கிறது. பாட்டிலிலோ இது தலைகீழ். வெளிச்சமான இடப்பக்கம் இருட்டின் மேலும், இருண்ட வலப்பக்கம் வெளிச்சத்தின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இரண்டு விளிம்பும் தனித்து நிற்கின்றன. பக்கவாட்டு விளக்கு ஒன்றே இதைச் செய்திருக்காது. பின்னணிக்கென்று தனி விளக்கு இருந்திருக்கும். பாட்டில் ஃபிரேமின் இடப்பக்கம் தள்ளி நிற்கிறது, வலப்பக்கத்துக் காலியிடத்தை அந்த நீள நிழல் தாங்குகிறது. நிழலை விரலால் மறைத்துப் பாருங்கள், படம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

சரி, நகல் விஷயத்துக்கு வருகிறேன். எழுதி முடித்ததும் படத்தை மூடிவிட்டு, கையில் குறிப்போடு முற்றிலும் வேறான ஒரு பொருளை எடுங்கள். பளபளப்பே இல்லாத வெள்ளை அட்டைப்பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் வெள்ளைப் பட்டை வராது, அதனால் முதல் வாக்கியம் அப்படியே உதவாது. ஆனால் ‘இருண்ட பக்கத்துக்குப் பின்னால் வெளிச்சம் வை’ என்பது பெட்டிக்கும் பொருந்தும். ‘காலியிடத்தை நிழலால் தாங்கு’ என்பதும் பொருந்தும். பொருளை மாற்றியும் எந்த வாக்கியம் பயன்படுகிறதோ அதுதான் நீங்கள் கற்றுக்கொண்டது. அந்தப் பாட்டிலும் அந்தச் சாம்பலும் அந்த இடமும் இல்லாமல் அர்த்தப்படாதவை அந்தப் புகைப்படக்காரரின் தேர்வுகள். அவற்றை அவரிடமே விட்டுவிடுங்கள். குறிப்பில் இல்லாத நிறம், துணைப்பொருள், தளம் எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்தாக வேண்டும். அங்கேதான் படம் உங்களுடையதாகிறது.

சொந்தமாக விளக்கு வைத்து எடுத்துவிட்டாலே நகல் ஆகாது என்று நினைக்க வேண்டாம். கறுப்பு வெள்ளைப் பின்புலத்தில் சிவப்புப் பேருந்து மட்டும் வண்ணத்தில் தெரியும் லண்டன் படம் ஒன்றைப் பற்றி 2012-இல் இங்கிலாந்தில் தீர்ப்பு வந்தது. எதிர்த்தரப்பு வேறு புகைப்படங்களை வைத்துத் தனியாகத்தான் தங்கள் படத்தை உருவாக்கியிருந்தது. இருந்தும் அமைப்பும் வண்ண உத்தியும் சேர்ந்து எடுத்துக்கொள்ளப்பட்டதால் அதைப் பதிப்புரிமை மீறல் என்றார் நீதிபதி. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், ஆனால் தேர்வுகளின் மொத்தத் தொகுப்பையும் எடுத்துக்கொள்வதில் உள்ள ஆபத்து இந்த வழக்கில் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விளம்பரப் படங்கள் பல, தனித்தனியாக எடுத்த நான்கைந்து படங்களை ஒட்டிச் செய்தவை. லேபிளுக்கு ஒரு ஒளி, மூடிக்கு இன்னொன்று என்று இருக்கும். பட்டை விளக்கை இடப்பக்கம் காட்டி, நிழல் அதை வலப்பக்கம் காட்டினால் ஒன்று இரண்டாவது விளக்கு இருக்கிறது, அல்லது ஒட்டுவேலை நடந்திருக்கிறது. மூடியிலோ கழுத்திலோ வலப்பக்கம் இன்னொரு பிம்பம் தெரிகிறதா என்று தேடுங்கள். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஒட்டுவேலைதான். அந்தப் படத்தில் பின்னணியையும் இட அமைப்பையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒளிக்கு வேறொரு படத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.