விவாதத் தொடக்க உரை: எதிரணியின் மறுப்பிலிருந்து பின்னோக்கி எழுதுவது

கேள்வி: பள்ளி விவாதப் போட்டியில் எங்கள் அணிக்கு முதலில் பேசுவது நான்தான். "பதின்வயது மாணவர்களின் பள்ளி காலையில் தாமதமாகத் தொடங்க வேண்டும்" என்பது தலைப்பு, நாங்கள் ஒட்டிப் பேசுகிறோம். நான்கு நிமிடம் தருகிறார்கள். கூற்று, சான்று, மறுப்புக்குப் பதில் மூன்றும் வருகிற மாதிரி தொடக்க உரையை எப்படி எழுதுவது?

பதில்:

மாணவனாக நான்கு ஆண்டுகள் விவாத மேடையில் பேசினேன், அப்புறம் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். முதல் பேச்சாளர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கூற்றை எழுதி, அதற்குக் கிடைத்த சான்றுகளையெல்லாம் அடுக்கி முடித்துவிட்டு, நேரம் மிச்சம் இருந்தால் கடைசியில் "எதிரணியினர் இப்படிச் சொல்லலாம்" என்று ஒரு பத்தியை ஒட்டுகிறார்கள். அந்தப் பத்திக்குச் சான்று மிஞ்சியிருக்காது. நானும் அப்படி எழுதித் தோற்றிருக்கிறேன். எதிரணியின் முதல் பேச்சாளர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், என் தாளில் இருந்த பதினொரு புள்ளிவிவரங்களில் ஒன்றுகூட அதற்குப் பதிலாகவில்லை.

அதனால் எழுதும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் எதிரணியின் மிக வலுவான மறுப்பு எது என்று கண்டுபிடியுங்கள். பிறகு, உங்கள் கூற்றை நிறுவும்போதே அந்த மறுப்பையும் உடைக்கிற ஒரு சான்றைத் தேடுங்கள். கூற்றின் சொற்களைக் கடைசியில் செதுக்கிக்கொள்ளலாம். பேசும்போது மட்டும் வழக்கமான வரிசையில் பேசினால் போதும்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு வகை மறுப்புகள் வரும். ஒரு வகை, "இதைச் செய்வது சிரமம்" என்பது: பேருந்து நேரம், பெற்றோரின் வேலை நேரம், மாலை விளையாட்டுப் பயிற்சி. இன்னொரு வகை, "செய்தாலும் பயன் இருக்காது" என்பது: காலையில் ஒரு மணி நேரம் கொடுத்தால் இரவில் ஒரு மணி நேரம் கூடுதலாக விழித்திருப்பார்கள், தூக்கம் அதிகரிக்கவே செய்யாது. முதல் வகையில் உங்கள் அடித்தளம் அப்படியே நிற்கிறது, சிரமமா நன்மையா எது பெரிது என்று எடைபோடும் வேலைதான் மிஞ்சுகிறது. அதை இரண்டாவது பேச்சாளர் பார்த்துக்கொள்வார். இரண்டாவது வகை நிலைத்துவிட்டால் எடைபோட ஒன்றுமே இருக்காது. ஆகவே தொடக்க உரையில் பதில் சொல்ல வேண்டியது இரண்டாவது வகைக்குத்தான்.

இப்போது சான்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-ல் அரசு உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை காலை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றினார்கள். மாற்றத்துக்கு முன் 92 மாணவர்கள், மாற்றத்துக்குப் பின் 88 மாணவர்கள் என இரண்டு பள்ளிகளில் ஆய்வு நடந்தது. எவ்வளவு தூங்கினீர்கள் என்று கேட்டதோடு விடாமல், இரண்டு வாரம் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். முடிவு 2018 டிசம்பரில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்தது. பள்ளி நாட்களில் தூக்கம் சுமார் 34 நிமிடம் கூடியிருந்தது. தூங்கப் போகும் நேரம் பெரிதாக மாறவில்லை, எழுந்த நேரம்தான் தள்ளிப்போயிருந்தது.

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் இந்த ஆய்வைத் தேர்ந்தெடுக்கிறேன். பயன் உண்டு என்பதை இது நிறுவுகிறது, "இரவில் இன்னும் விழித்திருப்பார்கள்" என்ற மறுப்புக்கும் இதுவே நேரடிப் பதில். அதே ஆய்வில் மதிப்பெண்ணும் 4.5 சதவீதம் கூடியதாக வருகிறது. அதை உரையில் சேர்க்காதீர்கள். முன்னும் பின்னும் அளந்தது வேறுவேறு மாணவர்களை. மதிப்பெண் போட்ட ஆசிரியருக்கும் நேரம் மாறியது தெரியும். கூர்மையான எதிரணி இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால், உங்கள் நல்ல சான்றும் சேர்ந்து சரியும். பலவீனமான எண்ணைக் கையோடு கொண்டுவந்தால் வலுவான எண்ணையும் நடுவர் சந்தேகிப்பார்.

கூற்றையும் குறுக்க வேண்டும். "தாமதமாக" என்றால் எவ்வளவு? நீங்கள் சொல்லாவிட்டால் எதிரணி சொல்லிவிடும், பத்து மணி என்று வைத்துக்கொண்டு அதைத் தாக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014-ல் கொடுத்த பரிந்துரை 8:30 அல்லது அதற்குப் பின். அந்த எண்ணையே எல்லையாக வையுங்கள்.

சரி, இவற்றை வைத்து நான் எழுதினால் உரை இப்படி வரும்.

"நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பதின்வயது மாணவர்கள் படிக்கும் பள்ளியில் முதல் பாடவேளை காலை 8:30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது. இதுதான் எங்கள் அணியின் நிலைப்பாடு. பள்ளி நேரத்தைக் குறைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை, தொடங்கும் நேரத்தை நகர்த்தும்படி கேட்கிறோம்.

காரணம் உடலில் இருக்கிறது. தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற சுரப்பு, பதின்வயதில் முன்பைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. இந்தத் தாமதம் இரண்டு மணி நேரம் வரை போகலாம். இரவு பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராதது பலருக்கும் அந்த வயதின் இயல்பு. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் தூக்க மருத்துவ வல்லுநர்கள். பதினொரு மணிக்குத் தூங்குபவர் குறைந்த அளவான எட்டு மணி நேரம் தூங்க, காலை ஏழு வரை படுக்கையில் இருக்க வேண்டும். பள்ளி ஏழரைக்குத் தொடங்கினால் அவர் ஆறு மணிக்கே எழ வேண்டும். தினமும் ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து மணி நேரம் தூக்கம் பறிபோகிறது.

எதிரணி நண்பர்கள் நியாயமான ஒரு கேள்வியை எழுப்புவார்கள். காலையில் நேரம் கொடுத்தால், இரவில் இன்னும் தாமதமாகத்தானே தூங்குவார்கள்? அது உண்மையானால் எங்கள் திட்டத்தால் பயனே இல்லை, நாங்களே ஒப்புக்கொள்வோம். இதை ஊகத்துக்கு விடாமல் அளந்து பார்த்திருக்கிறார்கள். சியாட்டில் நகரில் 2016-ல் பள்ளித் தொடக்கத்தை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றினார்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி, இரண்டு வாரம் தூக்கத்தை அளந்தார்கள். தூங்கப் போன நேரம் பெரிதாக மாறவில்லை. தூக்கம் 34 நிமிடம் கூடியது. கொடுத்த 55 நிமிடமும் தூக்கமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேல் தூக்கமாகவே சேர்ந்தது.

நடைமுறைச் சிரமங்களைப் பற்றி என் அணித் தோழர் விரிவாகப் பேசுவார். ஒன்றை மட்டும் சொல்லி அமர்கிறேன். கலிபோர்னியா மாநிலம் 2019-ல் இதற்கு ஒரு சட்டம் இயற்றியது, 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தயாராவதற்கு இடையில் ஏறக்குறைய மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தது. நாளைக் காலையே மாற்றச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. நன்றி."

பதற்றமில்லாமல் பேசினால் இது நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடிகாரத்தை வைத்து நின்றுகொண்டு உரக்கப் படித்துப் பாருங்கள், மனதுக்குள் படித்தால் எப்போதும் குறைவான நேரம்தான் காட்டும்.

மறுப்புப் பத்தியில் நான் எடுத்துக்கொண்ட கவனத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எதிரணியின் வாதத்தை ஒரே வாக்கியத்தில், அவர்களே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாகச் சொல்லியிருக்கிறேன். அதை மெலிதாக்கிச் சொல்லிவிட்டு அடித்திருந்தால், எதிரணிப் பேச்சாளர் எழுந்து "நாங்கள் சொல்வது அதுவல்ல" என்று ஒரே வரியில் தப்பித்துவிடுவார். அடுத்து, "அது உண்மையானால் பயனே இல்லை" என்ற வரி. இது ஆபத்தாகத் தெரியும். ஆனால் போட்டி எந்தப் புள்ளியில் முடிவாகும் என்பதை அந்த வரிதான் நடுவருக்குக் காட்டுகிறது, உங்கள் அளவீடும் அதே புள்ளியில்தான் நிற்கிறது. 55 நிமிடத்தில் 34 தான் தூக்கமானது என்பதை நீங்களே சொல்லிவிடுவதும் அதற்காகத்தான். எதிரணி சொன்னால் அது ஓட்டை, நீங்கள் சொன்னால் அது எல்லை.

எல்லா மறுப்புக்கும் முன்கூட்டியே பதில் சொல்லக் கூடாது என்பதையும் கவனியுங்கள். எதிரணிக்கே தோன்றாத ஒரு வாதத்தை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். என் அளவுகோல் எளிது: தலைப்பைக் கேட்டதும் நடுவர் மனதில் தானாக எழுகிற சந்தேகமா அது? ஆம் என்றால் முதல் உரையிலேயே பதில் வேண்டும், ஏனென்றால் அது தீரும்வரை நீங்கள் சொல்லும் மற்ற எதுவும் அவர் காதில் முழுதாக ஏறாது. இல்லை என்றால் பதிலை ஒரு தனித் தாளில் எழுதி உங்கள் அணியின் கடைசிப் பேச்சாளரிடம் கொடுத்துவையுங்கள். இரண்டு பள்ளிகளில், வேறுவேறு மாணவர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதானே என்ற கேள்வி அந்தத் தாளில் இருக்க வேண்டியது. அந்தக் கேள்விக்கான பதில், ஆய்வின் எண்ணைப் பெரிதாக்கிக் காட்டுவது அல்ல. சிறியதுதான், ஆனால் மாணவர்களின் நினைவை நம்பாமல் கருவியால் அளந்தது, உடலைப் பற்றி மருத்துவம் சொல்வதோடும் அது ஒத்துப்போகிறது என்று நேராகச் சொல்வதுதான்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, இந்தத் தலைப்பைப் பற்றி யோசித்தே இராத ஒருவரிடம் கூற்றையும் காரணத்தையும் மட்டும் படித்துக் காட்டி நிறுத்துங்கள். "இதை எதிர்த்து என்ன கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் வாயில் முதலில் வருவது நீங்கள் மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கும் கேள்வியாக இருந்தால் உரை சரியாக இருக்கிறது. வேறு கேள்வி வந்தால், இன்னும் இரண்டு பேரிடம் கேளுங்கள். மூவரும் அதையே கேட்டால் அந்தப் பத்தியை மாற்றி எழுத உங்களுக்கு இரண்டு நாள் இருக்கிறது.