ரொசெட்டா கல்லை மட்டும் வைத்துப் படித்துவிட முடியவில்லை

கேள்வி: ரொசெட்டா கல்லில் ஒரே செய்தி மூன்று மொழிகளில் இருக்கிறது. கிரேக்கம் தெரிந்தவர்கள் அதைப் பக்கத்தில் வைத்து எகிப்திய எழுத்தை உடனே படித்திருக்கலாமே? ஏன் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது?

ஏதோ ஒரு தேர்வுக்கோ வினாடி வினாவுக்கோ தயார் செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் ஒரு திருத்தம். அந்தக் கல்லில் இருப்பவை மூன்று எழுத்து முறைகள், மொழிகள் இரண்டுதான். மேலே ஹைரோகிளிஃப் என்னும் சித்திர எழுத்து, நடுவில் அன்றாட வழக்குக்கான டெமோட்டிக் எழுத்து. இரண்டிலும் எழுதியிருப்பது எகிப்திய மொழி. கீழே கிரேக்கம்.

எங்கள் குடியிருப்பு சங்கம் நடத்திய வினாடி வினாவில் என் பேத்தி "இரண்டு மொழிகள்" என்று சொன்னாள். நடத்தியவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு "மூன்று" என்றார், மதிப்பெண் போயிற்று. மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான், எழுந்து விளக்கினேன். "அட்டையில் அப்படித்தான் இருக்கிறது, டீச்சர்" என்பதுதான் பதில். சித்திர எழுத்துப் பகுதியின் மொழிநடை பழையது, டெமோட்டிக் பகுதியின் நடை பிற்காலத்தது, ஆகவே மூன்று என்றும் சொல்லலாம் என்று வாதிட யாராவது வருவீர்கள். அந்த வாதம் தெரிந்து "மூன்று" என்றிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். நூலக அறைக்கு என்று வீட்டுக்கு வீடு வசூலித்து உடற்பயிற்சி அறை கட்டிய சங்கத்திடம் இதையெல்லாம் எதிர்பார்த்தது அதிகம்தான்.

அன்று மாலை பேத்தி கேட்டதும் ஏறக்குறைய உங்கள் கேள்விதான். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1799இல் நெப்போலியனின் படைவீரர்கள் எகிப்தில், ஐரோப்பியர் ரொசெட்டா என்று அழைத்த ரஷீத் ஊருக்கு அருகே கோட்டை வேலை செய்தபோது கிடைத்த கல் அது. கி.மு. 196இல், எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்து அரசர் ஐந்தாம் தாலமிக்காகப் பூசாரிகள் வெளியிட்ட ஆணை அதில் இருக்கிறது. ஆனால் கல் உடைந்த கல். கிரேக்கம் 54 வரி, டெமோட்டிக் 32 வரி இருக்க, சித்திர எழுத்தில் எஞ்சியவை 14 வரிகள்தான், அவையும் முழுமையாக இல்லை. எந்தக் கிரேக்கச் சொல்லுக்கு எந்தப் படம் என்று நேருக்கு நேர் வைக்க வழியில்லை. எகிப்திய எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு படமும் ஒரு கருத்து என்று அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக நம்பிவந்தார்கள்.

பிரான்சின் ஷாம்போலியன் இந்த நம்பிக்கையை எண்ணிக்கையால் உடைத்தார். கிரேக்கப் பகுதியில் சுமார் 486 சொற்கள்; உடைந்த சித்திரப் பகுதியிலேயே 1,419 குறிகள். ஒரு குறி ஒரு சொல் என்றால் இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? வேறுவேறான குறிகளை மட்டும் பிரித்தால் 166தான் தேறின. அப்படியானால் குறிகளில் பல ஒலிகளாக இருக்க வேண்டும்.

ஒலியைப் பிடிக்கப் பெயர்கள்தான் வழி. பெயர் எந்த மொழிக்குப் போனாலும் ஏறக்குறைய அதே ஒலியோடு போகும். அரசர் பெயரைச் சுற்றி நீள்வட்டக் கோடு இருக்கும் என்ற ஊகம் முன்பே இருந்தது. இங்கிலாந்தின் தாமஸ் யங் அந்த வட்டத்துக்குள் தாலமியின் பெயரைக் கண்டு, சில குறிகளின் ஒலியைச் சரியாகவே சொன்னார். அவரை நான் மறைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் சிக்கலைக் கவனியுங்கள்: கல்லின் சித்திரப் பகுதியில் தப்பிய அரசப் பெயர் தாலமி ஒன்றுதான். ஒரே பெயரை வைத்து நீங்கள் எப்படிப் பிரித்தாலும் தவறென்று காட்ட எதுவும் இல்லை. யங் நடுவில் இருந்த ஒரு குறியைத் தேவையற்றது என்று ஒதுக்கியே விட்டார்.

இரண்டாவது பெயர் வேறொரு கல்லிலிருந்து வந்தது. பிலே தீவிலிருந்து வில்லியம் பாங்க்ஸ் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன தூணில் சித்திர எழுத்து இருந்தது. அதன் அடிப்பீடத்தில் கிரேக்கம், அதில் தாலமியோடு கிளியோபாட்ரா பெயரும் உண்டு. அதன் பிரதி 1822 தொடக்கத்தில் ஷாம்போலியன் கைக்கு வந்தது.

நானும் பேத்தியும் ஒரு நோட்டில் இரண்டு வட்டங்களையும் வரைந்தோம். தாலமி வட்டத்தில் சதுரம், அரைவட்டம், சுருக்குக் கயிறு, சிங்கம் என்று தொடங்கும்: ப், ட், ஓ, ல். இது சரியென்றால் கிளியோபாட்ராவில் சிங்கம் இரண்டாவதாக வர வேண்டும்; வந்தது. கயிறு நான்காவதாக வர வேண்டும், வந்தது. யங் ஒதுக்கிய குறி அந்தக் கயிறுதான். சதுரம் ஐந்தாவது, அதுவும் வந்தது. கிளியோபாட்ராவில் "ஆ" இரண்டு முறை வருமே என்று அவள் தேடினாள். ஆறாவது இடத்திலும் ஒன்பதாவது இடத்திலும் ஒரே கழுகு.

பிறகு அவளே நிறுத்தினாள். "பாட்டி, ட் ஒத்துவரவில்லை." தாலமியில் அரைவட்டம் இருந்த ஒலிக்குக் கிளியோபாட்ராவில் ஒரு கை இருக்கிறது. ஒரே ஒலிக்கு இரண்டு குறிகள் இருக்கலாம் என்று ஷாம்போலியன் கொண்டார். தப்பித்துக்கொள்ளும் பேச்சு போலத் தோன்றும், எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் அரைவட்டம் கிளியோபாட்ராவின் கடைசியிலும் இருக்கிறது, பெண்பால் அடையாளமாக. எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக்கில் பெண்பாற் சொல்லின் முன்னொட்டும் "ட்" ஒலிதான். ஆக, அரைவட்டம் ட் என்பதற்குப் பெயருக்கு வெளியிலிருந்தே சாட்சி கிடைத்தது. புதிய ஒலிகளை வைத்து அலெக்சாந்தர் முதலிய பெயர்களும் வரிசையாகப் படிக்க வந்தன.

இவை எல்லாம் அன்னியப் பெயர்கள். அன்னியருக்காக மட்டும் ஒலியெழுத்து வைத்திருந்தார்கள் என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. 1822 செப்டம்பரில் எகிப்தின் அபு சிம்பெல் கோயிலிலிருந்து வந்த ஒரு பிரதியில் கிரேக்கருக்கு மிகவும் முற்பட்ட அரசரின் வட்டம் இருந்தது: சூரியன், ஒரு குறி, கடைசியில் இரண்டு ஸ். காப்டிக்கில் சூரியன் "ரே". நடுக்குறி ரொசெட்டா கல்லில், கிரேக்கம் பிறந்தநாளைச் சொல்லும் இடத்தில் வருகிறது. காப்டிக்கில் பிள்ளை பெறுதல் "மிசே". ரா-ம்-ஸ்-ஸ்: ராம்சேஸ். சூரியன் இங்கே சொல்லாகவும் நிற்கிறது, கடைசிக் குறிகள் ஒலியாகவும் நிற்கின்றன. அந்த மாதக் கடைசியில் பாரிஸ் கழகத்தின் செயலர் தாசியேவுக்கு எழுதிய கடிதமாக அவர் முடிவுகளை வெளியிட்டார். அண்ணனிடம் ஓடிப்போய் மயங்கி விழுந்தார் என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். காப்டிக்கைச் சிறுவயதிலிருந்து படித்தார் என்பதைச் சொல்வதில்லை. காப்டிக் இல்லையென்றால் பெயர்களைத் தாண்டி ஒரு வாக்கியம்கூடப் புரிந்திருக்காது.

அவரும் எல்லாவற்றையும் முடித்துவிடவில்லை. ராம்சேஸின் அந்த நடுக்குறியை "ம்" என்றே கொண்டார். அது "ம்ஸ்" என்ற ஈரொலிக் குறி. ஒரு குறி இரண்டு மூன்று மெய்களைக் குறிக்கலாம் என்பதை 1837இல் ஜெர்மானிய அறிஞர் லெப்சியஸ் தெளிவாக்கினார். 1866இல் தானிஸ் என்ற இடத்தில் இன்னொரு ஆணை, கனோபஸ் ஆணை, ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது, அதே மூன்று எழுத்துகளில். படிக்கும் முறை அந்தப் புதிய கல்லிலும் கிரேக்கத்தோடு ஒத்துப்போனது. நம்பாதவர்களுக்கு அதற்குமேல் பேச இடமில்லை.

நீங்களே வரைந்து பார்ப்பதென்றால் ஒன்று கவனியுங்கள். கிளியோபாட்ரா வட்டத்தை ரொசெட்டா கல்லின் படத்தில் தேடாதீர்கள், அது பிலே தூணில்தான் இருக்கிறது. சிங்கத்தின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.