மூடிக்கீதா, மூடுறாங்களா?

"அக்கா, நான் காட்பாடி. நர்சிங் முடிச்சு, ஜெர்மன் மொழியில பி2 லெவல் பாஸ் பண்ணி ஜெர்மனி வந்து மூணு வாரம் ஆகுது. ஸ்கூல்ல ஆக்டிவ் வாய்ஸை பேசிவ் வாய்ஸா மாத்தி மாத்தி எழுதியே வளர்ந்தவன். ஆனா இங்க ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது நான் பேசிவ்ல சொன்னா, 'செஞ்சாச்சா, செய்யணுமா?'ன்னு திருப்பிக் கேக்கறாங்க. எங்க பேசிவ் போடணும், எங்க போடக் கூடாது? இங்கிலீஷ் மாதிரி யோசிக்கறது தப்பா?"

தம்பி, அவர்கள் அப்படிக் கேட்டால் பெரும்பாலும் சிக்கல் ஒரு துணைவினையில் இருக்கிறது. கட்டு மாற்றியதைச் சொல்ல "டேர் ஃபெர்பாண்ட் விர்ட் கெவெக்ஸெல்ட்" என்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலீஷில் "இஸ் சேஞ்ச்டு" என்று மனசுக்குள் ஓடியிருக்கும். ஜெர்மன்காரர் காதில் விழுவதோ "கட்டு மாத்துறாங்க" அல்லது "மாத்துவாங்க". வேலை முடிந்தது என்ற தகவலே அதில் இல்லை. அதனால்தான் திருப்பிக் கேட்கிறார்கள்.

இங்கிலீஷில் ஒரே "பி" வினை இரண்டு வேலை பார்க்கிறது. "தி டோர் வாஸ் குளோஸ்டு அட் நைன்" என்றால் ஒன்பது மணிக்கு யாரோ கதவைச் சாத்தினார்களா, ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தபோது ஏற்கெனவே சாத்தியிருந்ததா? இரண்டுக்கும் அதே வாக்கியம்தான். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் குழப்பம் வரும் இடத்தில் "ஆல்ரெடி" சேர்ப்பார்கள், அல்லது "ஹாட் பீன்" போட்டுச் சமாளிப்பார்கள். ஜெர்மனில் அந்தச் சமாளிப்பு வேண்டாம். நடந்த செயலுக்கு "வேர்டன்" என்ற வினை, செயல் முடிந்து நிற்கும் நிலைக்கு "ஸைன்" என்ற வினை. "விர்ட்", "வுர்டெ", "வோர்டன்" எல்லாம் "வேர்டன்" எடுக்கும் உருவங்கள்; "இஸ்ட்", "ஸிண்ட்", "வார்" எல்லாம் "ஸைன்" எடுக்கும் உருவங்கள். "டி ட்யூர் வுர்டெ கெஷ்லோஸன்" என்றால் கதவைச் சாத்தினார்கள். "டி ட்யூர் வார் கெஷ்லோஸன்" என்றால் கதவு சாத்தியிருந்தது.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்க இங்கிலீஷைவிட நம்ம வேலூர்ப் பேச்சு நன்றாக உதவும். வீட்டில் யாரும் "கதவு மூடப்பட்டது" என்று சொல்வதில்லை. "கதவை மூடுறாங்க" என்போம், "கதவு மூடிக்கீது" என்போம். யார் மூடுகிறார்கள் என்று சொல்லாத அந்த "மூடுறாங்க", ஜெர்மனின் "விர்ட் கெஷ்லோஸன்". "மூடிக்கீது" என்பது "இஸ்ட் கெஷ்லோஸன்". வாயைத் திறக்கும் முன் மனசுக்குள் "கீது" வருகிறதா, "றாங்க" வருகிறதா என்று பாருங்கள். "கீது" வந்தால் "இஸ்ட்", "றாங்க" வந்தால் "விர்ட்", "னாங்க" வந்தால் "வுர்டெ".

ஆனால் "இஸ்ட்" எல்லா வினையோடும் ஒட்டாது. கண்ணால் பார்க்கக்கூடிய, அல்லது இன்னும் நீடிக்கிற விளைவு இருந்தால்தான் பொருந்தும். கட்டு போட்டிருக்கு, படுக்கை விரிச்சிருக்கு, டாக்டருக்குத் தகவல் தெரிஞ்சிருக்கு, இவையெல்லாம் சரி. டாக்டரைக் கேட்டுவிட்டேன் என்று சொல்ல நினைத்து "டேர் ஆர்ட்ஸ்ட் இஸ்ட் கெஃப்ராக்ட்" என்றால், "டாக்டருக்கு நல்ல கிராக்கி" அல்லது "இப்போ டாக்டர்தான் தேவை" என்ற அர்த்தம் வந்துவிடும். அங்கே "வுர்டெ கெஃப்ராக்ட்" தான்.

இன்னொரு பள்ளம்: "இஸ்ட்" வந்தாலே பேசிவ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "டேர் பட்ஸியென்ட் இஸ்ட் கெஷ்ட்யூர்ட்ஸ்ட்" என்றால் நோயாளி விழுந்துவிட்டார். அது ஆக்டிவ். போனான், வந்தான், விழுந்தான், எழுந்தான் போன்ற வினைகள் இறந்தகாலத்துக்கு "இஸ்ட்" எடுக்கும். சந்தேகம் வந்தால் கடைசியில் "வோர்டன்" சேர்த்துப் பாருங்கள். "இஸ்ட் கெவெக்ஸெல்ட் வோர்டன்", அதாவது மாற்றப்பட்டுவிட்டது, ஒழுங்காக நிற்கும். "இஸ்ட் கெஷ்ட்யூர்ட்ஸ்ட் வோர்டன்" இந்த அர்த்தத்தில் நிற்காது, ஏனென்றால் ஒருவரை யாரும் "விழப்பட" வைக்க முடியாது. அது "கெவோர்டன்" இல்லை, வெறும் "வோர்டன்" என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். "கெ" சேர்ந்தால் "ஆகிவிட்டது" என்ற வேறு வினை, "க்ராங்க் கெவோர்டன்" என்றால் உடம்பு சரியில்லாமல் ஆகிவிட்டார்.

"வுர்டெ"யில் உ சாதாரண உ. மேலே இரண்டு புள்ளி வைத்து, உதட்டைக் குவித்து இ சொல்வதுபோல் உச்சரித்தால் அது "வ்யூர்டெ", "செய்யப்படும், ஆனால்" அல்லது "செய்வார்கள், ஆனால்" என்று போகும். "ஆர்ட்ஸ்ட் வுர்டெ இன்ஃபோர்மீர்ட்" என்பதற்குப் பதில் புள்ளி விழுந்துவிட்டால், டாக்டருக்குச் சொன்ன விஷயம் சொல்லாத விஷயமாகிவிடும். கீபோர்டில் ஒரே ஒரு விசைதான் வித்தியாசம்.

ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். கால் புண் உள்ள நோயாளி. 10:20க்குக் கட்டு மாற்றினீர்கள். புண்ணின் ஓரம் சிவந்திருந்தது. 10:35க்கு டாக்டருக்கு போன் செய்தீர்கள். அவர் ஸ்வாப் எடுக்கச் சொன்னார், எடுத்தாயிற்று, குழாய் இன்னும் லேபுக்குப் போகவில்லை. மதியம் ஒப்படைக்கிறீர்கள்.

பதிவேட்டில் "ஃபெர்பாண்ட் வுர்டெ உம் 10:20 கெவெக்ஸெல்ட்" என்று எழுதலாம். நேரம் குறிப்பிட்டதால் செயல், ஆகவே "வுர்டெ". "வுண்ட்ரென்டர் ஸிண்ட் கெர்யோடெட்", அதாவது ஓரங்கள் சிவந்திருக்கின்றன, நிலை, ஆகவே "ஸைன்". "ஆர்ட்ஸ்ட் வுர்டெ உம் 10:35 இன்ஃபோர்மீர்ட்". இதில் "இஸ்ட் இன்ஃபோர்மீர்ட்" என்றாலும் இலக்கணப் பிழை இல்லை, டாக்டருக்கு இப்போது விஷயம் தெரியும் என்று ஆகும். எப்போது சொன்னீர்கள் என்பதுதான் பின்னால் கேள்வியாகும், ஆகவே பதிவில் "வுர்டெ"யும் நேரமும். பல இடங்களில் துணைவினையே இல்லாமல் "ஃபெர்பாண்ட் கெவெக்ஸெல்ட், ஆர்ட்ஸ்ட் இன்ஃபோர்மீர்ட்" என்று தந்தி போல எழுதுவார்கள். அப்படி எழுதினால் முடிந்ததாகத்தான் படிப்பார்கள். ஆகவே செய்யாத வேலையை அந்தப் பாணியில் ஒருபோதும் எழுதக் கூடாது, "இன்னும்" என்று பொருள்படும் "நோஹ்" சேர்த்து முழு வாக்கியமாக எழுதுங்கள்.

இங்கே ஏன் "யார்" இல்லாமல் எழுதுகிறார்கள் என்றால், பக்கத்தில் உங்கள் கையெழுத்தோ லாகினோ இருக்கிறது. செய்தவர் யார் என்று அந்தக் கட்டத்திலேயே தெரியும்போது வாக்கியத்தில் நோயாளியையும் கட்டையும் முன்னால் நிறுத்துவதுதான் இயல்பு. நம் ஊர் நர்சிங் நோட்டிலும் இதே காரணம்தான், ஆனால் அங்கே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: "இட் வாஸ் இன்ஃபார்ம்டு டு தி டாக்டர்". இங்கிலீஷில் "இன்ஃபார்ம்" என்ற வினைக்கு ஆளைத்தான் சொல்ல வேண்டும், "தி டாக்டர் வாஸ் இன்ஃபார்ம்டு". "இட்" என்று ஆரம்பிப்பது இங்கிலீஷ் நோட்டுக்கும் கூடாது, ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தாலும் நிற்காது.

இனி லேபுக்குப் போகாத குழாய். "டேர் அப்ஷ்ட்ரிஹ் முஸ் நோஹ் இன்ஸ் லாபோர் கெப்ராஹ்ட் வேர்டன்", லேபுக்குக் கொண்டு போகப்பட வேண்டும், இலக்கணத்தில் குறையே இல்லை. ஆனால் ஒப்படைக்கும் இடத்தில் நான்கு பேர் இதைக் கேட்டால், நான்கு பேரும் மற்ற மூவரில் ஒருவர் செய்வார் என்று நினைப்பார்கள். பேசிவ் இங்கேதான் கெடுக்கும். "இஹ் ப்ரிங்கெ இன் க்லைஹ் ருண்டர்", இதோ நானே கீழே கொண்டு போகிறேன், அல்லது ஒருவர் பெயரைச் சொல்லி "கன்ஸ்ட் டூ இன் ப்ரிங்கன்?" என்று கேளுங்கள். இங்கிலீஷில் வேலை பார்ப்பவரும் இதையேதான் செய்வார்: "நீட்ஸ் டு பி சென்ட்" என்று சொல்லி நிறுத்த மாட்டார், "குட் யூ சென்ட் இட்?" என்பார். செய்ய வேண்டிய வேலைக்கு ஆள் வேண்டும், செய்து முடித்த வேலைக்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

நோயாளியிடம் நேரில் பேசும்போதும் ஆக்டிவ் போடுங்கள். "இஹ் வெக்ஸ்லெ யெட்ஸ்ட் இரன் ஃபெர்பாண்ட்", இப்போ உங்க கட்டை மாத்தறேன். படுத்திருப்பவரிடம் "உங்கள் கட்டு மாற்றப்படும்" என்றால் அறிவிப்புப் பலகை பேசுவதுபோல இருக்கும்.

நோயாளி தரையில் கிடந்தார், விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் "இஸ்ட் கெஷ்ட்யூர்ட்ஸ்ட்" என்று எழுதாதீர்கள். அது நீங்கள் பார்த்தது இல்லை. "பட்ஸியென்ட் வுர்டெ உம் 3:10 அம் போடன் லீகண்ட் ஃபோர்கெஃபுண்டன்", தரையில் கிடக்கக் காணப்பட்டார், என்று பேசிவில் எழுதுவதுதான் நேர்மையானது. பேசிவ் மறைப்பதற்கு மட்டும் இல்லை, தெரிந்த அளவோடு நிற்பதற்கும் பயன்படுகிறது.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு: இங்கிலீஷ் மாதிரி யோசிப்பது ஒரு இடத்தில் கட்டாயம் தப்பாகும். "தி பேஷன்ட் வாஸ் ஹெல்ப்டு", "ஹி வாஸ் கிவன் எ டேப்லெட்". ஜெர்மனில் இந்த ஆட்கள் வாக்கியத்தின் எழுவாயாக ஏற மாட்டார்கள். "டேம் பட்ஸியென்டன் வுர்டெ கெஹோல்ஃபன்", "ஈம் வுர்டெ ஐனெ டாப்லெட்டெ கெகேபன்". தமிழில் சொல்லிப் பாருங்கள்: நோயாளி"க்கு" உதவி செய்யப்பட்டது, அவரு"க்கு" மாத்திரை கொடுக்கப்பட்டது. நம் "க்கு" எங்கே நகராமல் நிற்கிறதோ, பெரும்பாலும் அங்கேயே ஜெர்மனின் "டேம், ஈம், ஈர்" நிற்கும். விதிவிலக்கு உண்டு. டாக்டரு"க்கு" போன் பண்ணோம் என்கிறோம், ஆனால் "அன்ரூஃபன்" நேராக ஆளைப் பிடிக்கும், ஆகவே "டேர் ஆர்ட்ஸ்ட் வுர்டெ அன்கெரூஃபன்" தான் சரி.

வார்டில் பேச்சு வழக்கில் இதைவிட எளிய வழியும் ஓடும். "எர் பெகொம்ட் ப்ளூட் அப்கெனொமன்", அவருக்கு ரத்தம் எடுக்கறாங்க. "பெகொமன்" என்றால் பெறுதல், அதை வைத்துக்கொண்டால் "டேம், ஈம்" தொல்லை இல்லாமல் நோயாளியே எழுவாயாக நிற்பார். எழுத்தில் வருவதைவிட வாயில் அதிகம் வரும், காலைச் சுற்றில் காது கொடுத்துக் கேளுங்கள், "பெகொம்ட்" அடிக்கடி விழும்.