“கத்தரியால் தேயிலைக் கொழுந்து வெட்டுவது பற்றிய பந்தி. ஆசிரியரின் தொனிக்கு ‘கொதிப்பு’ என்று போட்டேன், பிழையாம். ஏன்?”

உங்கள் பந்தியை வாசித்தேன். “கத்தரியால் வேலை சீக்கிரம் முடிகிறது, ஆனாலும் முற்றிய இலையும் காம்பும் சேர்ந்துவிடுவதால் தரம் ஓரளவு குறையலாம்.” இதில் கொதிப்பைக் காட்டும் சொல் எது? அதன் கீழ் கோடு போட்டுப் பாருங்கள். கோடு போட ஒன்றும் கிடைக்காது. ‘ஓரளவு’, ‘குறையலாம்’ இரண்டும் சூட்டைத் தணிக்கிற சொற்கள். ‘ஆனாலும்’ நன்மைக்குப் பக்கத்தில் குறையை வைக்கிறது. ஆகவே ‘நிதானமான அக்கறை’தான் சரி.

கொதிப்பு உங்களுடையது என்று நினைக்கிறேன். அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர் என்றால் வயிறு எரியத்தான் செய்யும். ஹட்டனில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் தோட்டத்தைப் பற்றிய பந்தி வந்தால் இங்கேதான் சறுக்குவார்கள்.

ஆசிரியரின் நோக்கம் என்ன என்ற கேள்விக்கும் இதே கோடுதான். ‘கண்டிக்க’ என்பதற்கு ஆதாரமில்லை, ‘இரு பக்கத்தையும் எடுத்துக்காட்ட’ என்பதற்கு இருக்கிறது. அதே பந்தியில் ‘வெட்கக்கேடு’, ‘ஒருபோதும் ஏற்க முடியாது’ என்று இருந்திருந்தால் நீங்கள் போட்ட விடையே சரி.