ஸ்டென்ட் வைத்தவருக்கு எந்த ஸ்கேன்?

"அப்பாவுக்கு 2.5 மில்லிமீட்டர் ஸ்டென்ட் இருக்கிறது. நடந்தால் மறுபடி நெஞ்சுவலி. சிடி ஆஞ்சியோ போதாதா, நியூக்ளியர் ஸ்கேன் எதற்கு?"

சிடி, ரத்தக்குழாய் எங்கே, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று காட்டும். அந்தச் சுருக்கத்தால் இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்பதை நியூக்ளியர் ஸ்கேன் சொல்லும்.

இங்கே சிக்கல், குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலையான ஸ்டென்ட்தான். 3 மில்லிமீட்டருக்குக் குறைவான ஸ்டென்டின் உலோகம் சிடியில் பருத்துத் தெரிந்து, உள்ளே இருப்பதை மறைத்துவிடும். கால்சியம் திரண்ட குழாயிலும் இதே தொல்லை. ஸ்டென்ட் இல்லாத இளவயதுக்காரர் என்றால் நானே சிடிதான் சொல்வேன்.

நியூக்ளியரில் ஓய்விலும், இதயத்துக்கு வேலை கொடுத்தும் படம் எடுத்து ஒப்பிடுவார்கள். வேலையின்போது மட்டும் ஓர் இடம் மங்கினால் ரத்தக் குறைவு. இரண்டிலும் மங்கினால் பெரும்பாலும் பழைய தழும்பு. ஆனால் இதயத்தின் மூன்று முக்கியக் குழாய்களும் ஒரே அளவு அடைத்திருந்தால், எல்லா இடமும் சமமாகத் தெரிந்து படம் ஏமாற்றவும் கூடும்.

அப்புறம், ஓய்விலேயே வலி வந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.